ராத்தா வீட்டு டீவி

எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் ஸுல்பிகா வீம்புக்காரி என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். இருபது வருடம் பாலர் பாடசாலை நடத்தியவள் நான். அடம்பிடிக்கிற பிள்ளையைக் கண்டால் எனக்கு உடனே தெரியும், அது ஐந்து வயதானாலும் ஐம்பத்தாறு வயதானாலும். ஆனால் ஸுல்பிகாவின் வீம்புக்குப் பின்னால் ஒரு சொல் இருந்தது. அது அவளை என்ன செய்தது என்று விளங்கிய பிறகு வாயை மூடிக்கொள்ளப் பழகினேன்.

மருதமுனையில் கடற்கரைப் பக்கமாகப் போகும் ஒழுங்கை எங்களுடையது. என் வீட்டுக்கு நேர் எதிரே இரண்டு வீடுகள். ஒன்று ஸுல்பிகாவுடையது, மற்றது அவளுடைய ராத்தா, அதாவது அக்கா, றுக்ஸானாவுடையது. அவர்களுடைய உம்மா தன் வளவை இரண்டாகப் பிரித்து, மூத்தவளின் கலியாணத்துக்கு ஒரு வீடும் இளையவளின் கலியாணத்துக்கு ஒரு வீடும் கட்டிக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். பெண்பிள்ளை பெற்றவர்களுக்கு வீடு கட்டிக் கட்டியே முதுகு உடையும், ஆனால் கடைசிக் காலத்தில் மகள் பக்கத்தில் இருப்பாள். ஆண்பிள்ளை மட்டும் பெற்றவர்களுக்கு முதுகு தப்பும், வீடு வெறிச்சோடிப் போகும்.

இந்த இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு மகன்தான். ஸுல்பிகாவின் மகன் அஹ்ஸன் நிந்தவூரில் கலியாணம் முடித்தான். அவனுடைய மனைவியும் பிள்ளைகளும் அங்கே, அவன் கட்டாரில். றுக்ஸானாவின் மகன் ஹிஷாம் மூன்று வருடத்துக்கு முன்னால் குடும்பத்தோடு மெல்பேர்ன் போய்விட்டான். றுக்ஸானாவின் கணவர் எப்போதோ மௌத்தாகிவிட்டார். ஸுல்பிகாவின் கணவர் அச்சிமுகம்மது ஆறு வருடத்துக்கு முன்னால் விபத்தில் போனார்.

அந்தச் சொல் பிறந்ததும் அப்போதுதான். மாரி மழைக்காலம். கூரை ஒழுகுகிறது, அக்கரைப்பற்றுக்குப் போய்க் கூரை திருத்தும் ஓடாவியைக் கையோடு கூட்டிவாருங்கள் என்று ஸுல்பிகா ஒரு வாரமாகப் புருஷனை நச்சரித்தாள். அவர் மோட்டார் சைக்கிளில் போனார், காரைதீவுக்கு அங்கால் ஒரு லொறியில் மோதி, அந்த இடத்திலேயே முடிந்தது. புருஷன் போன துக்கத்தில் வீட்டோடு இருக்கும் இத்தாவில் ஸுல்பிகா இருந்தாள். வீடு நிறையப் பெண்கள். அவர்கள் எல்லோர் முன்னாலும் றுக்ஸானா அழுகையோடு அழுகையாகச் சொன்னாள்:

“அந்த மழைக்குள்ள நீ அனுப்பாம இருந்திருந்தா அந்த மனுசன் இண்டைக்கு இரிப்பார்.”

நானும் அங்கே இருந்தேன். இத்தாவின் நான்கு மாதமும் பத்து நாளும் முடிந்ததும் ஸுல்பிகா மேசனைக் கூப்பிட்டாள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்த முற்றத்தின் நடுவே ஆளுயர மதில் எழும்பியது. கதவு வைக்கவா என்று மேசன் கேட்டானாம். தேவையில்லை என்றாளாம். அன்றிலிருந்து ராத்தாவும் தங்கச்சியும் கதைக்கவில்லை. பெருநாளைக்கு மட்டும் இரண்டு வீட்டிலிருந்தும் எனக்கு வட்டிலப்பம் வரும். இரண்டும் ஒரே கைப்பக்குவம், அவர்களுடைய உம்மாவுடையது. அதை நான் இரண்டு பேரிடமும் சொன்னதில்லை.

தாய்மார் இப்படி இருந்தாலும் மகன்மார் ஒற்றுமை. ஹிஷாம் தன் உம்மாவின் வீட்டுக்கு வைஃபை எடுத்தபோது சாச்சி ஸுல்பிகாவின் வீட்டுக்கும் அதே இணைப்பைக் கொடுத்துவிட்டான். மெல்பேர்ன் போவதற்கு முந்தின நாள் தன் பழைய போனையும் சாச்சியின் கையில் வைத்துவிட்டுப் போனான். உள்ளே இருந்தவற்றை ஒழுங்காக அழிக்கவுமில்லை. அவனுடைய படங்களும் கணக்குகளும் செயலிகளும் கிடந்தது கிடந்தபடியே. பிள்ளைகள் சாமான் கொடுக்கிற அழகு இதுதான்.

போன வருடம் அஹ்ஸன் கட்டாரிலிருந்து காசு அனுப்பி, கல்முனைக் கடையொன்றில் சொல்லி, உம்மாவுக்கு இன்டர்நெட் டீவி ஒன்று வாங்கிக் கொடுத்தான். ஹிஷாம் போகுமுன் தன் உம்மாவுக்கு அதே கடையில் அதே மாதிரி டீவிதான் வாங்கிக் கொடுத்திருந்தான். ஸுல்பிகாவுக்கு டீவி பிடித்தது, ரிமோட் பிடிக்கவில்லை. பயான் என்கிற மார்க்கப் பேச்சு ஒன்றைத் தேட வேண்டுமானால் திரையில் தெரியும் எழுத்துகளுக்கு நடுவே அம்புக்குறியை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, ஒவ்வொரு எழுத்தாக அமுக்க வேண்டும். ஒரு சொல்லை முடிப்பதற்குள் பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லிவிடுகிறது என்று என்னிடம் எரிந்து விழுந்தாள், ஏதோ நான்தான் அதைச் செய்து விற்றவள் போல.

அஹ்ஸன் வீடியோவில் வந்து வழி சொன்னான். நானும் பக்கத்தில் இருந்தேன். போனில் ரிமோட் செயலி ஒன்று இருக்கிறது, போனும் டீவியும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும், போனையே டீவிக்கு விசைப்பலகையாக்கலாம் என்றான். ஹிஷாமின் போனில் அந்தச் செயலி ஏற்கனவே இருந்தது. திறந்ததும் ஒரு பட்டியல் வந்தது. அதில் இரண்டு டீவி, இரண்டுக்கும் ஒரே பெயர். முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை அமுக்கச் சொன்னான். டீவித் திரையில் ஆறு எழுத்தில் ஒரு குறியீடு வந்தது. அதைப் போனில் அடித்தோம். முடிந்தது. இனி டீவியில் தேடல் பெட்டி திறந்தால் போனில் தானாக எழுத்துப் பலகை எழும்பும், போனில் தமிழில் அடித்தால் டீவியில் தமிழில் விழும், ஒருமுறை கொடுத்த குறியீட்டை மறுபடி கேட்காது. ஸுல்பிகா ‘நோன்புக் கஞ்சி’ என்று அடித்துப் பார்த்தாள். அடிக்க அடிக்கத் திரையில் எழுத்துகள் ஓடின. அவள் சிரித்ததை அன்றுதான் நெடுநாளைக்குப் பிறகு பார்த்தேன்.

பட்டியலில் இருந்த முதலாவது டீவி யாருடையது என்று அப்போது இரண்டு பேருமே கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான். படித்தவள் என்று பெயர் வேறு.

நோன்புக்குப் பிறகு ஒரு நாள் பின்னேரம் மின்சாரம் போய்ப் போய் வந்தது. டீவி பழுதாகிவிடும் என்று ஸுல்பிகா பிளக்கைக் கழற்றிவிட்டாள். மின்சாரம் நிலைத்த பிறகு மறுபடி மாட்டி, டீவி எழும்பி முடிப்பதற்குள் போனில் செயலியைத் திறந்தாள். பட்டியலில் ஒரு டீவிதான் இருந்தது. அமுக்கினாள். குறியீடு கேட்கவில்லை, நேரே இணைந்துவிட்டது. அவள் அம்புக்குறியை அமுக்குகிறாள், தன் டீவி அசையவில்லை. சத்தத்தைக் கூட்டுகிறாள், தன் டீவி ஊமையாக இருக்கிறது. மதிலுக்கு அங்கால் மட்டும் ஒரு மௌலவியின் பயான் திடீரென்று ஒழுங்கையே அதிரும்படி எழும்பியது. குறைத்தாள், அங்கே குறைந்தது. கூட்டினாள், அங்கே கூடியது. பிறகு சிவப்பு அடையாளத்தை அமுக்கினாள், மௌலவி பாதிச் சொல்லில் நின்றார்.

அவளுக்கு விளங்கிவிட்டது. ஹிஷாம் அந்த வீட்டில் இருந்த காலத்தில் தன் உம்மாவின் டீவியோடு இந்தப் போனை இணைத்திருக்கிறான். டீவி இன்னும் இந்தப் போனை மறக்கவில்லை.

றுக்ஸானா அடுத்த நாள் டீவிக் கடை றினாஸைக் கூப்பிட்டாள். தன் டீவியில் ஜின் ஏறியிருக்கிறது என்று அவனிடம் சொல்ல வெட்கப்பட்டு, ‘தன்பாட்டில் வேலை செய்யுது’ என்றாளாம். அவன் ரிமோட்டின் பற்றரியை மாற்றிக் கொடுத்துவிட்டு, அது சரிவரும் என்று சொல்லிப் போய்விட்டான்.

ஸுல்பிகா அதற்குப் பிறகு அங்கே சத்தத்தைக் கூட்டவுமில்லை, டீவியை நிறுத்தவுமில்லை. அவள் செய்தது வேறு. அதைப் பல நாளுக்குப் பிறகுதான் என்னிடம் சொன்னாள், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு.

பட்டியலில் முதலாவது டீவியை அமுக்கி வைத்துக்கொண்டால், ராத்தா தன் டீவியில் தேடல் பெட்டியைத் திறக்கும்போது ஸுல்பிகாவின் போனிலும் அந்தப் பெட்டி திறந்தது. ராத்தா எழுதுவதெல்லாம் இங்கே தெரிந்தது. றுக்ஸானாவிடம் ரிமோட்தான். இங்கிலீஷ் எழுத்துகளில் தமிழை, ஒவ்வொரு எழுத்தாக, நடுவில் மூச்சு வாங்கி எழுதுவாள். தினமும் அஸருக்குப் பிறகு ஸுல்பிகா தன் டீவியைப் போடாமல், ஜன்னலோரம் கதிரையில் இருந்து, போன் திரை அணைந்து போகாமல் விரலால் தொட்டுத் தொட்டு, அந்த எழுத்துகள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலெரிவுக்கு மருந்து. சீனி வருத்தக்காரர் பலாப்பழம் சாப்பிடலாமா. கண் மங்கல். ராத்தாவுக்குச் சீனி வருத்தம் வந்திருப்பது அவளுக்கு அப்படித்தான் தெரியவந்தது. மார்க்கத்தில் பிறர் விஷயத்தைத் துருவிப் பார்ப்பது பாவம் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தே பார்த்தாள். ஒரு நாளில் அவளோடு பேசுகிற குரல் மகனுடைய பத்து நிமிடம் மட்டும்தான். மீதி நேரமெல்லாம் அந்த வீட்டில் குளிர்சாதனப் பெட்டிதான் சத்தம் போடும். அந்த எழுத்துகள் அவளுக்காக வந்தவை அல்ல, ஆனாலும் அவளிடம் வந்தன. எனக்கு அவளைத் திட்ட மனம் வரவில்லை.

பிறகு எழுத்துகள் மாறத் தொடங்கின. விமானத்தில் தனியப் போகும் பெண். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்பது எப்படி. மெல்பேர்னில் குளிர் எந்த மாதம்.

அன்று ஸுல்பிகா செருப்பும் போடாமல் நேரே என் வீட்டுக்கு வந்தாள். ராத்தா மகனைப் பார்த்துவிட்டு வரப் போகிறாவா, இல்லை ஒரேயடியாகவா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்திருந்தது. ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வருகிற வியாழக்கிழமை பயணம், திரும்பி வருகிற யோசனை இல்லை. அவளிடம் ராத்தாவின் பெயரைச் சொல்ல ஆறு வருடமாக யாருக்கும் தைரியம் வந்ததில்லை, அதனால் இதையும் யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். அவள் என் வாசல் படியில் இருந்துவிட்டாள்.

போய்க் கதை என்றேன். ராத்தா முதலில் வரட்டும் என்றாள். சொல்லைச் சொன்னது ராத்தா, ஆகவே வர வேண்டியவ ராத்தா. இதையே றுக்ஸானாவிடம் கேட்டால், மதிலைக் கட்டியது தங்கச்சி, ஆகவே வர வேண்டியவ தங்கச்சி. எனக்கு இரண்டு பேரையும் பாலர் பாடசாலை மூலையில் நிற்க வைக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் பயம்தான் வந்தது. வியாழக்கிழமை வந்துவிட்டால் இவளுக்கு மதிலுக்கு அங்கால் கோபிக்கக்கூட ஆள் இல்லை.

திங்கள் போனது. செவ்வாய் அஸருக்குப் பிறகு பெட்டி திறந்தது. சூட்கேஸ் எத்தனை கிலோ என்று றுக்ஸானா எழுதினாள். ஸுல்பிகா அதற்குப் பக்கத்தில், முதல் தடவையாக, தன் விரலை வைத்தாள்.

“ராத்தா, நான் ஸுல்பி.”

அங்கே, றுக்ஸானாவின் டீவியில், இங்கிலீஷ் எழுத்துக்குப் பின்னால் தமிழ் எழுத்து தானாக வந்து நின்றது. அவள் ரிமோட்டைத் தூரமாக வைத்துவிட்டாளாம். அதை அவளே என்னிடம் சொன்னாள். ஜின்னை விரட்ட ஆயத்துல் குர்ஸி ஓதினாளாம். பிறகு ஹிஷாமுக்குப் போன் எடுத்தாள். அவன் சிரித்துச் சிரித்து, உம்மா அது என்ட பழைய போன், சாச்சியிட கையில இரிக்கி என்று விளக்கினான். வேண்டுமானால் டீவியிலிருந்து அந்தப் போனை நீக்கிவிடலாம், வழி சொல்லவா என்று கேட்டான். வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

இந்தப் பக்கம் ஸுல்பிகா கால் மணித்தியாலம் காத்திருந்தாள். பெட்டி மூடிக்கொண்டது. எழும்பி மஃரிப் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யப் போனவள் திரும்பி வந்தபோது பெட்டி மறுபடி திறந்திருந்தது. எழுத்துகள் வந்துகொண்டிருந்தன, ஒன்று, பிறகு நீண்ட இடைவெளி, பிறகு இன்னொன்று. றுக்ஸானா அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி எழுதுகிறாள். பாதி வரும்போதே என்ன கேள்வி என்று தெரிந்துவிட்டது, ஆனாலும் கடைசி எழுத்துவரை பார்த்திருந்தாள்.

“ஆறு வருசமா ஏன் வரல்ல?”

ஸுல்பிகாவிடம் வேகமான பலகை இருந்தது. பதில் ஆறு வருடமாகத் தயாராகவும் இருந்தது. நான்தான் என்ட மனுசனக் கொன்டுட்டன் எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னீங்க என்று அடித்தாள். பார்த்தாள். அழித்தாள். நான் அவரக் கொல்லல்ல ராத்தா என்று அடித்தாள். அதையும் அழித்தாள். நீங்க போனா நான் தனிச்சிப் போயிருவன் என்று அடித்தாள். அந்த வரியை நெடுநேரம் விட்டு வைத்திருந்து, வெட்கம் பிடுங்கித் தின்ன, ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். கடைசியில் அவள் விட்டுவைத்த பதில் இதுதான்:

“முழங்கால் நோவு. அதான் வரல்ல.”

கடுதாசியில் எழுதி, கிழித்துப் போட்டு, நல்ல பிரதியை மட்டும் அனுப்பிப் பழகிய தலைமுறை நாங்கள். அவளுக்கு அந்தப் பெட்டியும் கடுதாசி மாதிரித்தான் பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படியொரு பிழை வராது.

அங்கிருந்து பதில் உடனே வரத் தொடங்கியது, மூன்றே சொல். “தைலம் இரிக்கி. வா.”

மதிலில் கதவு இல்லாதபடியால் ஒழுங்கையால் சுற்றித்தான் போக வேண்டும். என் ஜன்னலால் பார்த்தேன். அவள் தன் கேற்றைத் திறந்து, பத்தடி நடந்து, அடுத்த கேற்றின் முன்னால் நின்றாள். அவள் தட்டுவதற்கு முன்னால் கேற் திறந்தது. நான் ஜன்னலை மூடிவிட்டேன். எனக்கும் கொஞ்சம் மரியாதை உண்டு.

புதன் முழுக்க அவள் அங்கேதான் இருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சூட்கேஸ் அடுக்கினார்கள். கருவாடு கொண்டு போகலாமா, விடமாட்டார்களா என்று சண்டை பிடித்தார்கள். தைலம் தேய்த்துக்கொண்டார்கள், ஸுல்பிகாவின் முழங்காலில் ஒரு நோவும் இல்லை என்பது றுக்ஸானாவுக்குத் தெரிந்தும் தேய்த்தாள். உம்மாவைப் பற்றிக் கதைத்தார்கள். அந்தச் சொல்லைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஸுல்பிகா இரவு வீட்டுக்குப் போகும் வழியில் என்னிடம் வந்து அதைத்தான் சொன்னாள். ராத்தா எல்லாம் கதைச்சா, அத மட்டும் கதைக்கல்ல என்றாள்.

வியாழக்கிழமை காலை வான் வந்து நின்றது. ஹிஷாமின் கூட்டாளி ஒருவன் கொழும்புவரை கூட்டிப் போக வந்திருந்தான். ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் ஸலாம் சொல்லி விலகினோம். றுக்ஸானா ஏறி இருந்தாள். ஸுல்பிகா வான் கதவைப் பிடித்துக்கொண்டு, குளிருக்குக் காதை மூடிக்கொள்ளும்படியும் குளிசை தப்பாமல் போடும்படியும் சொல்லிக்கொண்டிருந்தாள். றுக்ஸானா அவளுடைய கையைப் பிடித்தாள்.

“ஸுல்பி, நீ அழிச்சதெல்லாம் எனக்கு இங்க தெரிஞ்சது புள்ள. நீ அடிக்கக்குள்ளயே டீவியில வந்திச்சி. நான் அண்டைக்கிச் சொன்னது பெரிய பிழை. என்ன மன்னிச்சிக்க.”

ஆறு வருடம் காத்திருந்த சொல். ஸுல்பிகா “மன்னிச்சிட்டன்” என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பொடியன் நேரம் போகுது என்றான். கதவு மூடியது. வான் பின்பக்கமாகவே ஒழுங்கையை விட்டு வெளியேறி, பிரதான வீதியில் கல்முனைப் பக்கம் திரும்பியது.

பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். நான் அவளுடைய தோளைப் பிடித்து, மனம் ஆறிவிட்டதா என்று கேட்டேன். ஓம் என்றாள். இரண்டு எட்டு நடந்தவள் நின்று, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“எல்லாம் தெரிஞ்சது எண்டா, நான் தனிச்சிப் போயிருவன் எண்டு அடிச்சதையும் ராத்தா வாசிச்சிருப்பா, என்ன?”

நான் ஓம் என்றேன். அதில் பொய் சொல்ல இடமே இருக்கவில்லை.

“வாசிச்சிட்டுத்தான் போறா,” என்றாள் ஸுல்பிகா. பிறகு தன் வீட்டுக் கேற்றைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.